பத்து நாள் மௌனம்: அந்த நடு நாட்கள்ல என்ன நடக்கும்?

கேள்வி: அடுத்த மாசம் 10 நாள் விபாசனா தியான கேம்ப் புக் பண்ணியிருக்கேன். ஃப்ரெண்டு ஒருத்தன் 6வது நாளே பையத் தூக்கிட்டு வந்துட்டான், கேட்டா ஒழுங்கா சொல்ல மாட்டேங்குறான். நடுவுல அப்படி என்னதாங்க நடக்குது?

நான் போனது விபாசனாவப் பரப்புன ஆசிரியர் எஸ்.என். கோயங்கா முறை கோர்ஸ், சென்னைப் பக்கம் திருமுடிவாக்கத்துல இருக்குற தம்ம சேது மையத்துல. மகாராஷ்டிரால இருக்குற இகத்புரி மையத்துக்குப் போனாலும் வேற எங்க போனாலும் டைம்டேபிள் கிட்டத்தட்ட இதேதான், ஏன்னா பாடம் முழுக்க கோயங்காவோட ரெக்கார்டிங்ல தான் ஓடும். அவரு 2013லயே காலமாயிட்டாரு, ஆனா ஹால்ல உக்காந்தா அவர் குரல் தான். முன்னாடி இருக்குற உதவி ஆசிரியர் ப்ளே பண்ணுவாரு, மத்தியானம் சந்தேகம் கேட்டா பதில் சொல்லுவாரு, அவ்ளோதான்.

போய்ச் சேர்ற அன்னைக்கு சாயங்காலமே போன், புக்கு, பேனா எல்லாம் வாங்கி வெச்சிடுவாங்க. மறுநாள் காலைல 4 மணிக்கு மணி அடிக்கும். 4:30ல இருந்து ராத்திரி 9 வரைக்கும் இடையில சாப்பாடு ரெஸ்ட் போக கிட்டத்தட்ட 10 மணி நேரம் உக்காரணும். இதுல 8 டு 9, 2:30 டு 3:30, 6 டு 7 இந்த மூணும் எல்லாரும் ஹால்ல கண்டிப்பா இருக்க வேண்டிய நேரம், இத மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, நடு நாள் கதை எல்லாம் இங்கதான் நடக்குது. 11 மணிக்கு மதிய சாப்பாடு, அதுக்கப்புறம் 5 மணிக்கு புதுசா வந்தவங்களுக்கு டீயும் பழமும், ராத்திரி சாப்பாடு கிடையாது. பசி நீங்க பயப்படுற அளவுக்கு இருக்காது, ரெண்டு நாள்ல பழகிடும்.

மொத மூணு நாள் மூச்ச மட்டும் கவனிக்கிறது, ஆனாபானா. மூக்குல மூச்சு வருது போகுது, அப்புறம் எங்க தொடுது, மூணாவது நாள் மூக்குக்குக் கீழ மேல் உதட்டுக்கு மேல இருக்குற அந்தத் துளியூண்டு இடத்துல என்ன தெரியுதுன்னு பாக்குறது. இந்த நாட்கள்ல பிரச்சனை எல்லாம் மனசு ஓடுறது தான். எனக்கு ஒரு பல்பொடி விளம்பரப் பாட்டு, சின்ன வயசுல கேட்டது, ரெண்டாவது நாள் முழுக்க தலைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. பக்கத்துல உக்காந்தவரு ஏப்பம் விட்டா அவரு மேல கொலவெறி வரும், அவரு என்ன பண்ணுவாரு பாவம்.

4வது நாள் மத்தியானம் தான் விபாசனாவே சொல்லித் தருவாங்க. உச்சந்தலையில இருந்து கால் வரைக்கும் ஒவ்வொரு இடமா கவனத்தக் கொண்டு போறது, அங்க சூடோ அரிப்போ துடிப்போ எது இருக்கோ அதப் பாத்துட்டு நகர்றது. அதுக்கப்புறம் தான் ஆப்பு. அந்த மூணு கட்டாய மணி நேரத்துலயும் கை கால அசைக்காம கண்ணத் திறக்காம உக்காரணும், அதிட்டானம்னு சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி வரைக்கும் கால் வலிச்சா மாத்திக்கலாம், மனசும் ஏதாவது யோசிச்சு தப்பிச்சுக்கும். இப்ப ரெண்டும் போச்சு. உங்க ஃப்ரெண்டு 6வது நாள் கிளம்புனதுல ஆச்சரியமே இல்ல, 2ம் 6ம் தான் கஷ்டமான நாள்னு பழைய ஆளுங்க சொல்றது வழக்கம்.

எனக்கு நடந்தத அப்படியே சொல்றேன். 5வது நாள் 2:30 மணி. மொத 20 நிமிஷம் ஒண்ணும் இல்ல. அரை மணி நேரம் தாண்டுனதும் இடது முட்டில ஆரம்பிச்சுது, மொதல்ல சூடு, அப்புறம் உள்ள ஆணி வெச்சு திருகுற மாதிரி. நான் தலைல இருந்து வேகவேகமா ஸ்கேன் பண்ணிட்டு வந்து முட்டிய எட்டிப் பாப்பேன், போச்சான்னு. போயிருக்காது. திரும்ப தலைல இருந்து. கடைசி அஞ்சு நிமிஷம் ரெக்கார்டிங்ல கோயங்கா பாலி மொழில ஓத ஆரம்பிப்பாரு, அதுக்கு முன்னாடி ஸ்பீக்கர் லேசா கர்ர்னு ஒரு சத்தம் குடுக்கும், அந்தக் கர்ர்க்காக நான் காத்துட்டு இருந்த மாதிரி ரிசல்ட்டுக்கு கூட காத்திருந்ததில்ல. சாயங்காலம் 6 மணி சிட்டிங்ல முடியாம கால நீட்டிட்டேன், யாரும் ஒண்ணும் சொல்லல, ஆனா தோத்த மாதிரி ஒரு கடுப்பு. அன்னைக்கு ராத்திரி படுக்கைல பை எங்க வெச்சிருக்கோம், காலைல ஆட்டோ கிடைக்குமா வரைக்கும் யோசிச்சாச்சு.

6வது நாள் மத்தியானம் 12 மணிக்கு ஆசிரியர்கிட்ட போய் "சார், ஸ்கேன் பண்ணாலும் வலி குறையவே மாட்டேங்குது"ன்னு சொன்னேன். அவரு "குறையணும்னு தான ஸ்கேன் பண்றீங்க?"ன்னு கேட்டாரு. அதுதான் விஷயமே. வலிய விரட்ட அந்த முறைய யூஸ் பண்ணா ஒவ்வொரு சுத்துலயும் போச்சா போச்சான்னு வலி மேல வெறுப்ப ஏத்திட்டே இருக்கோம். அன்னைக்கு 2:30க்கு முட்டிக்கும் மத்த இடத்துக்கு குடுக்குற அதே நேரம் தான் குடுத்தேன். அப்ப தான் தெரிஞ்சுது, ஒரே கட்டியா இருக்குறது இல்ல அது, ஓரத்துல சூடு, நடுவுல துடிப்பு, ஏறி இறங்குது. வலி போயிடுச்சான்னா போகல. அது கூட சேர்ந்து ஓடிட்டு இருந்த "ஐயோ இன்னும் 25 நிமிஷம்"ங்குற புலம்பல் தான் விட்டு விட்டு நின்னுச்சு. மணி நேரம் முடிஞ்சுது, அசையல.

இதுக்கு நேர்மாறா இன்னொண்ணு இருக்கு, அதையும் யாரும் முன்னாடியே சொல்ல மாட்டாங்க. 7வது நாள் காலைல உடம்பு முழுக்க மெல்லிசா கரண்ட் ஓடுற மாதிரி ஒரே சீரா ஒரு உணர்வு, வலியே இல்ல. ஆஹா நமக்கு வந்துடுச்சுடான்னு நெனச்சேன். அடுத்த சிட்டிங்ல அத தேடித் தேடி உக்காந்தேன், பாதி உடம்புல ஒண்ணுமே தெரியல, மரக்கட்டை மாதிரி. அந்த ஒரு நாள் ஏமாத்தம் முட்டி வலிய விட மோசம். நல்லா இருந்தத திரும்ப கேக்குறதும் அதே தப்பு தான், ஆனா உள்ள இருக்குறப்ப அது தப்புன்னே தோணாது. சிலருக்கு இந்த நாட்கள்ல காரணமே இல்லாம அழுகை வரும், பழைய சண்டைங்க வரும், கனவு சினிமா மாதிரி தெளிவா வரும். எங்க ஹால்லயும் ராத்திரில யாரோ மூக்க உறிஞ்சுற சத்தம் கேட்டுட்டு தான் இருந்துச்சு.

எது தாங்கிக்கலாம் எது கூடாதுன்னு ஒரு கணக்கு வெச்சுக்கோங்க. எழுந்து நடந்து கொஞ்ச நேரத்துல போற வலின்னா உக்கார்ற வலி தான். நடக்குறப்பவும் குத்துது, வீங்குது, மரத்துப் போனது சரியாகலன்னா வீரம் காட்ட வேணாம், சேர் கேளுங்க, குடுப்பாங்க, சேர்ல உக்காந்து முழுசா முடிச்சவங்க நிறைய பேர். தூக்கம் கொஞ்சம் கம்மியாகுறது சகஜம், ஆனா ரெண்டு ராத்திரி கண்ணே மூடல, படபடப்பு அடங்கல, இது நெஜமா கனவான்னு குழப்பமா இருக்குன்னா தியானத்த நிறுத்திட்டு அப்பவே போய் சொல்லுங்க. மௌனம்ங்குறது சக ஆளுங்ககிட்ட தான், ஆசிரியர்கிட்டயும் அங்க உதவிக்கு இருக்குற சேவகர்கிட்டயும் தாராளமா பேசலாம். அப்ளிகேஷன்ல மனநலம் பத்தின கேள்வி, சாப்பிடுற மாத்திரை எல்லாம் கேட்டிருப்பாங்க, சீட் கிடைக்காதுன்னு பயந்து அத மறைக்கிறவங்க இருக்காங்க, நீங்க அப்படி எதாவது விட்டிருந்தா போறதுக்கு முன்னாடியே மெயில் போட்டு சொல்லிடுங்க, நடக்குற ட்ரீட்மென்ட் எதையாவது நிறுத்திட்டு கோர்ஸுக்கு மட்டும் போயிடாதீங்க.

10வது நாள் காலைல மௌனம் கலையும், 11வது நாள் காலைல வீடு. உங்க ஃப்ரெண்டுகிட்ட மட்டும் இன்னொரு தடவ கேட்டுப் பாருங்க, முட்டியா, தூக்கமா, அழுகையான்னு.