முதல் ரிவ்யூ, தடுமாறும் ஊழியர்: கேள்வி பதில்

மேனேஜராகி நாலு மாசம்தான் ஆகுது. டீம்ல ஒருத்தர் எதையும் நேரத்துக்கு முடிக்கறதில்ல. ‘பொறுப்பில்லை’னு எழுதலாமா?

வேண்டாம். அப்படி எழுதினால் அவர் வேலையைப் பற்றிப் பேசாமல் தன் குணத்துக்காக வாதாட ஆரம்பிப்பார். நடந்ததை எழுதுங்கள்: ‘வார அறிக்கை வெள்ளி மாலை 4 மணிக்கு வர வேண்டும். கடந்த 8 வாரங்களில் 5 முறை திங்கள் காலைதான் வந்தது. அதில் 2 முறை வாடிக்கையாளர் கூட்டத்துக்குக் கையில் கணக்கு இல்லாமல் போனோம்.’ இந்த மாதிரி இரண்டு, மிஞ்சினால் மூன்று போதும். பத்தை அடுக்கினால், அதில் நோஞ்சானான ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற ஒன்பதையும் தள்ளிவிடுவார்.

இன்னொன்று. ‘வெள்ளி 4 மணி’ என்று அவரிடம் யார், எப்போது சொன்னார்கள்? பழைய மெயில்களில் தேடிப் பாருங்கள். எங்கேயும் இல்லையென்றால் அதைக் குறையாக எழுத வழியில்லை. இன்றிலிருந்து எதிர்பார்ப்பது என்றுதான் எழுத முடியும். புது மேனேஜர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

போன வருஷம் பழைய மேனேஜர் அவருக்கு ‘நன்று’ கொடுத்திருக்காரே?

ரேட்டிங் இறங்கப் போகிறதென்றால் ரிவ்யூ கூட்டத்துக்கு முன்பே எச்.ஆரிடம் சொல்லிவிடுங்கள். பழைய மேனேஜரிடம் ‘ஆள் எப்படி?’ என்று கேட்காதீர்கள். ‘அறிக்கை எந்த நேரத்துக்கு வரும்?’ என்று கேளுங்கள். நீங்கள் நேரில் பார்த்தது நாலு மாதம் மட்டுமே என்பதையும் ரிவ்யூவில் எழுதுங்கள்.

முதல்ல பாராட்டு, நடுவுல குறை, கடைசில பாராட்டு. இதுதானே முறை?

பாராட்ட வேண்டும் என்பதுவரை சரி. குறையை நடுவில் ஒளித்தால் அவர் பாராட்டை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்து போவார். முக்கியமான பிரச்சினையை முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

எனக்கே அடுத்த வாரம் ரிவ்யூ சார். நான் என்ன எழுதிட்டுப் போகணும்?

கேள்வி மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது! முடித்த வேலைகளைத் தேதியோடு எழுதுங்கள். தாமதமானவற்றையும் காரணத்தோடு நீங்களே எழுதிவிடுங்கள்.

ரிவ்யூல அந்த ஊழியர் எல்லாத்துக்கும் ‘சரி சார்’னு தலையாட்டிட்டா?

‘வெள்ளிக்கிழமை மதியம் என்ன நடக்கிறது, வரிசையாகச் சொல்லுங்கள்’ என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். பக்கத்து டீமின் தரவே 5 மணிக்குத்தான் வருகிறது என்று தெரியவரலாம். அப்படியானால் அது நீங்கள் பேசித் தீர்க்க வேண்டிய வேலை. தரவு காலையிலேயே வந்தும் தாமதமென்றால், அடுத்த 4 வாரமும் வெள்ளி 4 மணி, வாரம் 15 நிமிடச் சந்திப்பு என்று முடிவு செய்து, பேசியதை அன்றே அவருக்கு மெயிலில் அனுப்புங்கள்.

ரேட்டிங்கை முதல்லயே சொல்லணுமா, கடைசியிலயா?

முதலில் சொன்னால் அதற்குப்பின் எதுவும் அவர் காதில் ஏறாது என்பார்கள் சிலர். கடைசிவரை வைத்திருந்தால் பேச்சு முழுக்க அவர் மனம் அதிலேயே இருக்கும் என்பார்கள் வேறு சிலர். என் ஓட்டு முதலில் சொல்வதற்கு. ஆளைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.