ஓவனில் கண்ணாடிப் பாத்திரம் சிதறுவது ஏன்?

கேள்வி: 200 டிகிரி ஓவனில் இருந்த கண்ணாடித் தட்டில் குழாய்த் தண்ணீர் ஊற்றியதும் வெடித்துச் சிதறியது, வெப்பம் தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடி வாங்கினால் உடையாதா?

எளிதில் உடையாது, ஆனால் உடையவே உடையாது என்று சொல்ல முடியாது. சென்னை வெயிலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் எவ்வளவு சுட்டாலும் 200 டிகிரித் தட்டுக்கு அது குளிர்நீர்தான். தண்ணீர் பட்ட மேற்பரப்பு சட்டென்று சுருங்க முயலும்போது, அடியில் இன்னும் சூடாக உள்ள கண்ணாடி அதைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்வதால், மேற்பரப்பு இழுவிசைக்கு உள்ளாகிறது. கண்ணாடி அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது, ஆகவே கம்பி நார் தேய்த்த ஒரு கீறலிலிருந்தே விரிசல் ஓடிவிடும். வெப்பத்தில் போரோசிலிகேட் விரிவதும் சுருங்குவதும் சாதாரணக் கண்ணாடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே என்பதால், இழுவிசையும் அதற்கேற்பக் குறைகிறது. உடைந்த துண்டுகளைப் பாருங்கள்: சிறு சிறு கட்டிகளாக இருந்தால், அது பெரும்பாலும் வலுவேற்றிய சாதாரணக் கண்ணாடி, போரோசிலிகேட் அல்ல.