மிகப்பெரிய முழு எண் ∞ என்று ரியூட்டில் போட்டிருந்தால்

கேள்வி: “மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. ரியூசனில் தந்த ரியூட்டில் ‘முழு எண்களில் மிகப்பெரியது ∞’ என்று இருக்கிறது. பாடசாலை ஆசிரியரோ, எவ்வளவு பெரிய எண்ணைச் சொன்னாலும் அதைவிடப் பெரிய முழு எண் ஒன்று உண்டு, ஆனால் முடிவிலி என்ற முழு எண் கிடையாது என்றாராம். 9 ஐ நிறுத்தாமல் எழுதிக்கொண்டே போனால் முடிவில்லாத முழு எண் வந்துவிடும்தானே என்று மகள் கேட்கிறாள். யார் சொல்வது சரி?” – தாய் ஒருவர், சுன்னாகம்

பதில்:

பாடசாலை ஆசிரியர் சொன்னதுதான் சரி. ரியூட்டில் இருக்கும் அந்த வரியைப் பேனாவால் வெட்டிவிடச் சொல்லுங்கள். பென்சிலால் வேண்டாம், பரீட்சை நேரத்தில் திரும்பக் கண்ணில் படும்.

இங்கே முழு எண் என்று நான் சொல்வது 1, 2, 3 என்று எண்ணுகிற எண்களை. இவை எல்லாம் ஒரே வழியில் கிடைப்பவை. 1 இல் தொடங்குகிறோம், ஒவ்வொன்றாகக் கூட்டுகிறோம், எங்காவது நிறுத்துகிறோம். நிறுத்திய இடத்தில் இருப்பதுதான் முழு எண். இந்த வரிசையில் முடிவிலியான எண் ஒன்று இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டு வரும்போது முதன்முதலாக வருகிற முடிவிலி எண் என்று ஒன்று இருக்க வேண்டும். அது 1 அல்ல. ஆகவே அதற்கு முன்னால் ஒரு எண் இருக்கிறது. முதலாவது முடிவிலி இதுதான் என்று சொல்லிவிட்டோமே, அப்போது முன்னால் இருப்பது முடிவுள்ள எண். முடிவுள்ள ஒன்றுடன் வெறும் 1 ஐக் கூட்டினால் முடிவிலி ஆகிவிடுமா? ஆகாது. எனவே அப்படி ஒரு எண் வரிசையில் எங்கேயும் வர முடியாது. இவ்வளவுதான் நிறுவல். மகள் வகுப்பில் படிக்கிற கணிதத் தொகுத்தறிவின் அடியில் இருப்பதும் இதே யோசனைதான்.

இனி 9 இன் கதை. 9, 99, 999 என்று எழுதி எங்கே நிறுத்தினாலும் கையில் இருப்பது முழு எண். நிறுத்தவே மாட்டேன் என்றால் எழுதும் வேலை நடந்துகொண்டிருக்கிறது, எண் இன்னும் வரவில்லை. “இல்லை சேர், எழுதி முடித்துவிட்டதாக நினையுங்கள்” என்று சில பிள்ளைகள் விடமாட்டார்கள். சரி, நினைப்போம். இடப்பக்கமாக முடிவே இல்லாமல் 9 கள். அதனுடன் 1 ஐக் கூட்டச் சொல்லுங்கள். வலது ஓரத்தில் 9 உம் 1 உம் பத்து, 0 போட்டு 1 மிச்சம். அடுத்த இடத்திலும் அதே 0, அதே மிச்சம் 1. மிச்சத்தை இறக்கி வைக்க ஓர் இடம் கடைசிவரை வராது. எழுதிய எல்லா இடத்திலும் 0. எல்லாவற்றையும்விடப் பெரியது என்று நினைத்த ஒன்றுடன் 1 ஐக் கூட்டினால் பூச்சியம் வருகிறது! முழு எண் ஒன்றும் இப்படி நடந்துகொள்ளாது.

0.333… என்று தசமத்துக்கு வலப்பக்கம் முடிவில்லாமல் எழுதலாமே, இடப்பக்கம் மட்டும் ஏன் கூடாது என்று அடுத்து கேட்பாள். வலப்பக்கம் ஒவ்வொரு புது இலக்கமும் முந்தையதைவிடப் பத்தில் ஒரு பங்குதான் சேர்க்கிறது. அதனால் மொத்தம் 1/3 ஐத் தாண்டுவதில்லை. இடப்பக்கம் ஒவ்வொரு இலக்கமும் பத்து மடங்கு சேர்க்கிறது, எங்கேயும் நிலைகொள்ளாது.

உங்கள் மகளின் குழப்பத்துக்கு அவளைக் குறை சொல்ல மாட்டேன். குழப்பத்தைக் காசுக்கு விற்கிறார்கள். “எந்த எண்ணைச் சொன்னாலும் அதைவிடப் பெரிய முழு எண் உண்டு” என்பது ஒரு கூற்று. “எல்லா எண்ணையும்விடப் பெரிய முழு எண் ஒன்று உண்டு” என்பது முற்றிலும் வேறு கூற்று. முதலாவதில் நீங்கள் எண்ணைச் சொன்ன பிறகு நான் பதில் சொல்கிறேன்: நீங்கள் 50 என்றால் நான் 51, நீங்கள் 5000 என்றால் நான் 5001. இரண்டாவதில் நான் முதலிலேயே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு, நீங்கள் எதைச் சொன்னாலும் அதிலேயே நிற்க வேண்டும். நிற்க முடியாது, நீங்கள் 1 கூட்டிச் சொல்லிவிடுவீர்கள். ‘ஒரே இரவில் எல்லைகள்’, ‘நிச்சயம் வரும் வினாக்கள்’ என்றெல்லாம் அட்டை போட்டு விற்கிற சுருக்கக் குறிப்புகளில் முதலாவது கூற்றைச் சுருக்கப் போய் இரண்டாவதாக ஆக்கிவிடுகிறார்கள். பிறகு ஒரு ரியூட்டைப் பார்த்து மற்றது அடிபடுகிறது, பிழையும் சேர்ந்தே அச்சாகிறது. விலை மட்டும் வருடா வருடம் புதிது.

அவர்களை மட்டும் சொல்லியும் பயனில்லை. 1/n ஆனது 0 ஐ அணுகும் என்பதைப் பிள்ளைகள் எத்தனையோ கணக்கில் பயன்படுத்துகிறார்கள். ஏன் அணுகுகிறது என்று எழுதினால் புள்ளித்திட்டத்தில் அதற்கு ஒரு புள்ளியும் இல்லை. புள்ளி இல்லாத கேள்விக்குப் பதில் சொல்ல எந்த மாஸ்ரர் நேரம் செலவழிப்பார்? பிள்ளை கேட்டால் “அது அப்படித்தான், பாடமாக்கு” என்பார்.

இன்னொரு பொறி கைபேசியில் இருக்கிறது. இணைய உலாவியில் கணக்குப் போடும்போது 1e309 என்று கொடுத்தால் Infinity என்று வரும். பிள்ளைகள் அதைக் காட்டி “பார், முடிவிலி இருக்கிறது” என்பார்கள். 1 க்குப் பின்னால் 309 பூச்சியம் போட்டால் வருவது ஒரு சாதாரண முழு எண்தான், கொப்பியில் ஒரு பக்கத்துக்குள் எழுதிவிடலாம். அந்த முறையில் எண்ணைச் சேமிக்க ஒதுக்கிய இடம் 1.8 × 10³⁰⁸ அளவில் தீர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். இயந்திரம் கைவிரித்ததற்கும் எண்கள் முடிந்துபோனதற்கும் சம்பந்தமில்லை.

இனி ஆசிரியர் சொன்ன முதற்பகுதி. எந்த நேர் எண்ணை எடுத்தாலும் அதைவிடப் பெரிய முழு எண் உண்டு. பின்னமாக இருந்தால் ஒரு வரியில் முடியும்: 22/7 ஐவிட 22 சிறியதல்ல, 23 நிச்சயமாகப் பெரியது. எந்தப் பின்னத்துக்கும் தொகுதியுடன் 1 ஐக் கூட்டினால் போதும். தசமமாக எழுதிய எண் என்றால் புள்ளிக்கு முன்னால் இருப்பதுடன் 1 ஐக் கூட்டுங்கள், புள்ளிக்குப் பின்னால் எல்லாம் 9 ஆகவே போனால் மட்டும் 2 ஐ. 3.14159… ஐவிட 4 பெரியது.

ஆனால் கெட்டிக்காரப் பிள்ளை இங்கே விடாது. எல்லா மெய்யெண்களையும் அப்படித் தசமமாக எழுதலாம் என்று யார் சொன்னது? நியாயமான கேள்வி. பதில், மெய்யெண்களுக்கு இருக்கிற ஒரு குணத்தில் இருக்கிறது: ஓர் எண்கூட்டத்துக்கு மேல் எல்லைகள், அதாவது அந்தக் கூட்டத்தில் உள்ள எதுவும் தாண்டாத எண்கள், இருந்தால், அவற்றுள் மிகச்சிறியது ஒன்று கட்டாயம் இருக்கும். முழு எண்கள் எல்லாம் ஏதோ ஒரு மெய்யெண்ணைத் தாண்டுவதில்லை என்று வையுங்கள். அப்படியானால் அவற்றுக்கு மிகச்சிறிய மேல் எல்லை ஒன்று வரும், அதை s என்போம். s – 1 ஆனது s ஐவிடச் சிறியது, ஆகவே அது மேல் எல்லை அல்ல. அதாவது s – 1 ஐத் தாண்டுகிற முழு எண் n ஒன்று இருக்கிறது. இரு பக்கமும் 1 ஐக் கூட்டுங்கள், n + 1 ஆனது s ஐத் தாண்டிவிட்டது. n + 1 உம் முழு எண்தானே! எந்த முழு எண்ணும் s ஐத் தாண்டாது என்றல்லவா தொடங்கினோம். முரண்பாடு, கதை முடிந்தது.

அந்தக் குணம் உண்மையிலேயே தேவையா, கூட்டல் பெருக்கல் ஒழுங்காக நடந்தால் போதாதா என்றால், போதாது. இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மகளுக்குத் தெரிந்த பல்லுறுப்பிகளை எடுங்கள். இரண்டு பல்லுறுப்பிகளில் எது பெரியது என்பதற்கு ஒரு விதி வைப்போம்: x மிகப் பெரிதாகப் போகப் போக எது மேலே நிலைத்து நிற்கிறதோ அதுவே பெரியது. இந்த விதிப்படி x ஆனது 1000 ஐவிடப் பெரியது, ஏனென்றால் 1000 ஐத் தாண்டிய பிறகு x தான் எப்போதும் மேலே. ஒரு கோடியைவிடவும் பெரியது. எந்த முழு எண்ணைச் சொன்னாலும் x அதைவிடப் பெரியது! கூட்டலும் பெருக்கலும் இங்கே ஒழுங்காகவே நடக்கின்றன, பெரியது சிறியது என்ற ஒப்பீடும் குழம்புவதில்லை. ஆனாலும் 1, 2, 3 என்று எவ்வளவு போனாலும் x ஐத் தாண்ட முடியாது.

அப்போது மேலே சொன்ன நிறுவல் எங்கே உடைகிறது? x மேல் எல்லை. x – 1 உம் மேல் எல்லை, ஏனென்றால் x ஆனது n + 1 ஐவிடவும் பெரியது. x – 2 உம் அப்படியே. x/2 உம் அப்படியே, ஏனென்றால் x ஆனது 2n ஐவிடவும் பெரியது. இறங்கிக்கொண்டே போகலாம், மிகச்சிறிய மேல் எல்லை என்று ஒன்று கிடைக்காது. s ஐ எடுக்கவே முடியாததால் நிறுவலின் முதலாவது அடியே வைக்க முடியாமல் போகிறது. இங்கேயும் கவனிக்க வேண்டியது, x ஒரு முழு எண் அல்ல. எல்லா முழு எண்ணையும் மிஞ்சிய ஒன்று இன்னோர் உலகத்தில் இருக்கலாம், முழு எண்களுக்குள் இருக்க முடியாது. இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு “கணிதத்தில் முடிவிலி எண்கள் உண்டு” என்று வகுப்பில் அளப்பவர்களும் இருக்கிறார்கள். எந்த உலகத்தில் என்று திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.

எந்த மெய்யெண்ணையும்விடப் பெரிய முழு எண் உண்டு என்ற இயல்புக்கு ஆர்க்கிமிடீசின் பெயர் 1880 களில் வைக்கப்பட்டது. யோசனை அவருக்கும் முந்தியது, யூக்கிளிட்டின் ஐந்தாம் புத்தகத்திலேயே இருக்கிறது. அவர்கள் சொன்ன விதம் நீளங்களை வைத்து: எவ்வளவு சின்ன நீளத்தையும் திரும்பத் திரும்ப அடுக்கினால் எவ்வளவு பெரிய நீளத்தையும் தாண்டிவிடலாம். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ9 வீதி 321 கிலோமீற்றர். ஒரு மில்லிமீற்றராக வைத்துக்கொண்டு போனாலும் 321,000,001 ஆவது வைப்பில் கண்டியைத் தாண்டியாகிவிட்டது. ஆர்க்கிமிடீஸ் இன்னும் ஒருபடி மேலே போனார். மணலுக்கு எண்ணிக்கையே இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள் என்று கெலோன் அரசனுக்கு எழுதி, அன்று கருதப்பட்ட அண்டம் முழுவதையும் மணலால் நிரப்பினாலும் 10⁶³ மணிகளுக்கு மேல் தேவைப்படாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். மிகப் பெரியது வேறு, முடிவிலி வேறு.

மகளுக்கு இது உடனே உதவுகிற இடம் 1/n தான். 1/n ஐ 0.003 ஐவிடச் சிறிதாக்க வேண்டும் என்றால், 1 ஐ 0.003 ஆல் வகுக்கட்டும்: 333.33… அதைவிடப் பெரிய முழு எண் 334. ஆகவே n = 334 இலிருந்து எல்லா 1/n உம் 0.003 க்குக் கீழே. 0.003 க்குப் பதிலாக யார் எவ்வளவு சின்ன நேர் எண்ணைத் தந்தாலும் வேலை இதேதான்: தலைகீழாக்கு, அதைவிடப் பெரிய முழு எண்ணை எடு. அப்படி ஒன்று கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம்தான் ஆசிரியர் சொன்ன அந்த வாக்கியம்.

விடைத்தாளில் n → ∞ என்று எழுதலாம், n எல்லையில்லாமல் பெரிதாகிறது என்று அதற்குப் பொருள். n = ∞ என்று மட்டும் எழுதக் கூடாது. 1/∞ = 0 என்றும் வேண்டாம். ரியூட்டில் அப்படி இருந்தால் அதையும் வெட்டட்டும், பேனாவால்.