மருந்தில் அடங்கிய குடல்வால்: கடல் வேலைக்குப் போகும் முன் ஆபரேஷன் வேண்டுமா?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. மூன்று வாரத்துக்கு முன் வலது அடிவயிற்றில் வலி வந்து, பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்து அப்பென்டிக்ஸ் என்றார்கள். மூன்று நாள் ஊசி மருந்து, அப்புறம் ஏழு நாள் மாத்திரை. ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிட்டது. ஆனால் உள்ளேயே இருந்து ஒருநாள் வெடித்துவிடும் என்று அம்மாவும் மாமாவும் பயப்படுகிறார்கள். அவன் அடுத்த மாதம் திரங்கானு கடலில் எண்ணெய் மேடை வேலைக்குத் திரும்ப வேண்டும். இப்போதே எடுத்துவிடலாமா? – அக்கா, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, முதலில் மருத்துவமனையில் கொடுத்த சி.டி. அறிக்கையை எடுத்துப் பாருங்கள். குடல்வாலுக்குள் கல் இருப்பதாக அதில் எழுதியிருக்கிறதா? ‘அப்பென்டிகோலித்’ அல்லது ‘ஃபீக்கோலித்’ என்று போட்டிருப்பார்கள். மலம் இறுகிக் கல்லாகி, அந்தச் சின்னக் குழாயில் மாட்டிக்கொள்வதுதான் அது. மருந்து கிருமியைக் கொல்லும், கல்லைக் கரைக்காது. வீக்கம் வற்றினாலும் அடைப்புக்கான காரணம் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

எவ்வளவு வித்தியாசம் என்பதை அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. 1,552 பேர் பங்கெடுத்த அதன் முடிவு 2020-இல் வெளியானது. மருந்து மட்டும் பெற்றவர்களில், கல் இருந்தவர்களுக்கு 90 நாட்களுக்குள் 100-க்கு 41 பேர் ஆபரேஷனுக்குப் போக வேண்டியதாயிற்று. கல் இல்லாதவர்களில் 25 பேர்தான். சீழ் போன்ற சிக்கல்களும் கல் இருந்தவர்களிடமே கூடுதலாக வந்தன. ஆகவே அறிக்கையில் கல் இருந்தால் நான் யோசிக்கவே மாட்டேன்; வேலைக்குத் திரும்பும் முன் எடுத்துவிடச் சொல்வேன்.

கல் இல்லை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தம்பியின் நிலைக்குப் பொருந்துவது ஃபின்லாந்தில் நடந்த ஆய்வு. சி.டி.யில் உறுதியான, வெடிக்காத, கல் இல்லாத நோயாளிகளை மட்டுமே அதில் சேர்த்தார்கள். வயது 18 முதல் 60 வரை. மூன்று நாள் ஊசி, ஏழு நாள் மாத்திரை என்ற முறையும் ஏறக்குறைய அதே. மருந்து மட்டும் பெற்றவர்களில் முதல் ஆண்டு முடிவில் 100-க்கு 27 பேருக்கு மருந்து போதாமல் ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் அது 34. ஐந்தாம் ஆண்டு முடிவில் 39. முதல் தடவையிலேயே மருந்துக்கு அடங்காமல் ஆபரேஷனுக்குப் போனவர்களும் இந்தக் கணக்கில் உண்டு. உங்கள் தம்பி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டதால், அவருக்கு மிஞ்சியிருக்கும் அபாயம் இதைவிடக் கொஞ்சம் குறைவு.

ஐந்து ஆண்டில் 39 என்றாலும், அதில் 34 முதல் இரண்டு ஆண்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். அதற்கப்புறம் ஆண்டுக்கு ஒன்றிரண்டுதான் கூடுகிறது. அதாவது தம்பி ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய காலம் இப்போதிலிருந்து இரண்டு ஆண்டு.

அம்மாவின் பயத்துக்கு வருவோம். வீங்கிய குடல்வால் எல்லாமே நேரம் போகப் போக வெடிக்கும் என்றுதான் முன்பு நினைத்தார்கள். இப்போது, வெடிக்கும் வகையும் வெடிக்காத வகையும் பெரும்பாலும் ஆரம்பத்திலிருந்தே வேறு வேறாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். ஃபின்லாந்து ஆய்வில் மருந்து பெற்றவர்களில் முதல் ஆண்டில் 70 பேர் ஆபரேஷனுக்குப் போனார்கள். அவர்களில் 7 பேருக்குத்தான் சிக்கலான நிலை இருந்தது. பெரும்பாலோருக்குக் குடல்வால் வெடிக்காமலே வீங்கியிருந்தது. மருந்தை முதலில் முயன்றதால் பெரிய கேடு எதுவும் வரவில்லை. ஆகவே திரும்பி வந்தால் உயிர் போகும் என்று அம்மா தூக்கம் கெட வேண்டாம். ஆனால் இது, வலி வந்ததும் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தவர்களின் கணக்கு.

உங்கள் தம்பிக்குச் சிக்கல் அங்கேதான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவராக இருந்தால், அப்படியே விட்டுவிடுங்கள், வலி வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகட்டும் என்றுதான் எழுதியிருப்பேன். எண்ணெய் மேடையில் இருப்பவர் ஹெலிகாப்டருக்குக் காத்திருக்க வேண்டும். நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழையில் கிழக்குக் கரைக் கடல் எப்படியிருக்கும் என்பது அவருக்கே தெரியும். மேடையில் இருக்கும் மருத்துவ உதவியாளரால் நோய்க்கிருமிக் கொல்லி மருந்தைத் தொடங்க முடியும், சி.டி. எடுக்கவோ ஆபரேஷன் செய்யவோ முடியாது. அதனால், கல் இல்லாவிட்டாலும், இந்த வேலையில் தொடர்வதாக இருந்தால் குடல்வாலை எடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. வழக்கமாக இப்படிக் குணமானவர் எல்லாருக்கும் பின்னால் ஆபரேஷன் செய்ய வேண்டியதில்லை. இவருக்குச் சொல்வது அவருடைய வேலையிடத்தை வைத்துத்தான்.

அவசரமில்லை, அழற்சி நன்றாக அடங்கட்டும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து துளைவழி ஆபரேஷனாகச் செய்துகொள்ளலாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். பாரம் தூக்கும் வேலைக்கு மட்டும் நான்கு வாரமாவது இடைவெளி விடவேண்டும். அப்படியானால் அடுத்த மாதம் கடலுக்குப் போவது முடியாது. ஒரு சுற்று விடுப்பு கேட்பதுதான் வழி.

ஃபின்லாந்து ஆய்வில் ஆபரேஷன் செய்தவர்களுக்கு ஐந்து ஆண்டில் 24 சதவீதம் சிக்கல், மருந்து பெற்றவர்களுக்கு 6.5 சதவீதம் என்று ஒரு கணக்கு உண்டு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அங்கே பெரும்பாலும் வயிற்றைத் திறந்துதான் செய்தார்கள். துளைவழி முறைக்கு அந்த எண் பொருந்தாது.

உங்கள் மாமாவுக்கோ வேறு யாருக்கோ இதே வலி வந்தால், தம்பிக்கு ஆனது எனக்கும் ஆகும் என்று மாத்திரைக்கு இறங்கிவிடக்கூடாது. சி.டி.யில் கல், சீழ்க்கட்டி, வெடிப்பு, கட்டி என்ற சந்தேகம் எதுவும் இருந்தால் இந்த வழி பொருந்தாது. கர்ப்பிணிகளுக்கும், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் பொருந்தாது. வயது ஏற ஏற, குடல்வாலுக்குள் கட்டி ஒளிந்திருக்கும் வாய்ப்பும் கூடும். அதனால் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நான் ஆபரேஷன் பக்கம்தான் சாய்வேன். ஸ்கேன் இல்லாமல் கிளினிக்கில் வாங்கிய மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருப்பது ஆபத்து.

ஆபரேஷன் ஆகும்வரை தம்பி ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். வலி தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும். பசி போய்விடும், குமட்டும், நடந்தாலோ இருமினாலோ அந்த இடம் குத்தும். அப்போது வலி மாத்திரை போட்டுத் தூங்கிப் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. எதுவும் சாப்பிடாமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போகட்டும். கடுமையாக இருந்த வலி திடீரென்று தணிந்து, அப்புறம் வயிறு முழுவதும் பரவிப் பலகைபோல் இறுகினால், அது வெடித்ததன் அறிகுறி.

விடுப்பு கிடைக்காமல் கடலுக்குப் போயே ஆக வேண்டுமானால், உடல்தகுதிச் சான்று தரும் மருத்துவரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அவர் அனுமதித்தால் மட்டுமே போகலாம். சி.டி. அறிக்கையையும் மருந்துச் சீட்டையும் படம் பிடித்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளட்டும். மேடையில் இறங்கியதும் மருத்துவ உதவியாளரிடம் காட்டட்டும். அவருக்கு இது தெரிந்திருந்தால், வலி என்றதும் வாயுத் தொல்லை என்று நினைக்காமல் கரைக்குத் தகவல் அனுப்பிவிடுவார்.