டிம்மரில் 90 பாகை வைத்தால் மின்குமிழுக்குக் கிடைப்பது 115 வோல்ட்டா, 163 வோல்ட்டா?

கேள்வி: சேர், கொட்டாஞ்சேனையில் இருந்து எழுதுகிறேன். மின்னியல் பாடநெறி படிக்கிறேன். பயிற்சிக்காக ட்ரையாக் டிம்மர் ஒன்றில் 100 வாட் குண்டு பல்ப் போட்டு, 5 மில்லிசெக்கன் தாமதம் வைத்தேன். அதாவது ஃபயரிங் கோணம் 90 பாகை. சப்ளை 230 வோல்ட். பல்பில் மீட்டர் வைத்தால் 115 காட்டுகிறது. பாதி அலைதானே போகிறது, சரிதான் என்று நினைத்தேன். ஆனால் பயிற்சித்தாளின் விடை 163 என்கிறது. எது சரி? 120 பாகை என்று கேட்டால் எப்படிக் கணிப்பது?

பதில்: தம்பி, பயிற்சித்தாள்தான் சரி. உங்கள் மீட்டர் பழுதாகவும் இல்லை. அது அளப்பது வேறொன்று. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் 163 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

ஆர்எம்எஸ் பெறுமானம் என்பது வலுவை வைத்துச் சொல்லப்படும் வோல்ட்டளவு. ஒரு தடையில் அதே சூட்டைத் தர எத்தனை வோல்ட் நேரோட்டம் வேண்டும் என்பதே அதன் பொருள். ஒவ்வொரு அரை அலையிலும் முன்பாதியை ட்ரையாக் தடுத்து, உச்சியில் இருந்து பின்பாதியை மட்டும் விடுகிறது. முன்பாதியும் பின்பாதியும் ஒரே வடிவம் என்பதால் மாறாத தடை ஒன்றுக்குக் கிடைக்கும் வலு சரியாகப் பாதி. வலு வோல்ட்டின் வர்க்கத்தோடு போகிறது. ஆகவே வலு பாதியானால் வோல்ட் பாதியாகாது, √2 ஆல் வகுபடும். 230 ஐ 1.414 ஆல் வகுத்தால் 162.6. பாதி அலை போவதால் பாதி வோல்ட் என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் வழுக்குகிறது.

மற்றக் கோணங்களுக்கு இந்தச் சூத்திரம். α பாகையில்:

```
Vrms = V × √( 1 − α/180 + sin(2α)/(2π) )
```

இதை மனப்பாடம் செய்வதைவிட ஒவ்வோர் உறுப்பும் என்ன செய்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது. α/180 என்பது அரை அலையில் வெட்டுப்பட்ட நேரத்தின் பங்கு. அலை தட்டையாக இருந்திருந்தால் 1 − α/180 மட்டுமே போதும். ஆனால் சைன் அலை தொடக்கத்தில் தாழ்வு, நடுவில் உயரம். 90 பாகைக்கு முன்னால் வெட்டினால் போவது பெரும்பாலும் தாழ்ந்த பகுதி, இழப்பு நேரத்தின் பங்கைவிடக் குறைவு. அதனால் சைன் உறுப்பு நேர் எண்ணாக வந்து கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிறது. 90 ஐத் தாண்டி வெட்டினால் உச்சி போய்விட்டது, மிஞ்சுவது வால் மட்டும். அப்போது அது மறை எண்ணாக வந்து இன்னும் கழிக்கிறது. சரியாக 90 இல் அது பூச்சியம்.

இப்போது 120 பாகை. நம் நாட்டு மீடிறன் 50 ஹேர்ட்ஸ், அரைச் சுற்று 10 மில்லிசெக்கன், ஆகவே ஒரு மில்லிசெக்கனுக்கு 18 பாகை. 120 பாகை என்றால் ஏறக்குறைய 6.67 மில்லிசெக்கன் தாமதம்.

```
1 − 120/180         = 0.3333
sin(240°)/(2π)      = −0.8660/6.2832 = −0.1378
கூட்டினால்          = 0.1955
√0.1955             = 0.4422
0.4422 × 230        = 101.7 V
```

கணிப்பானை ரேடியனில் விட்டுவிட்டு sin(240) என்று அடித்தால் +0.945 வரும், விடை 160 வோல்ட் ஆகிவிடும். மோசம் என்னவென்றால், 160 என்பது பார்த்தவுடன் சந்தேகம் தராத எண். அதனால்தான் சைன் உறுப்பின் குறியைப் பார்க்கச் சொல்கிறேன். 90 க்கு மேல் அது மறை எண்ணாக வரவில்லை என்றால் மேலே போகாமல் அங்கேயே நிறுத்துங்கள். இன்னொன்று, கோணம் பாகையில் இருந்தாலும் கீழே உள்ள 2π என்பது 6.2832 தான். அங்கே 360 போட்டால் 132 வோல்ட் என்ற தவறான விடை வரும்.

சரி, மீட்டருக்கு வருவோம். புறக்கோட்டையில் மலிவாகக் கிடைக்கும் மல்டிமீட்டர்களில் பல, அலையைச் சீராக்கி அதன் சராசரியை எடுத்து 1.11 ஆல் பெருக்கிக் காட்டுபவை. முழுச் சைன் அலைக்கு அந்தப் பெருக்கல் சரியான ஆர்எம்எஸ்ஸைத் தரும், வெட்டுப்பட்ட அலைக்குத் தராது. அப்படியான மீட்டர் காட்டுவது இது:

```
மீட்டர் = V × (1 + cos α)/2
```

90 பாகையில் 115. நீங்கள் கண்ட எண்ணேதான். 120 பாகையில் அது 57.5 காட்டும், உண்மையோ 101.7. கோணம் கூடக் கூட பிழையின் வீதமும் கூடிக்கொண்டே போகும். உண்மை ஆர்எம்எஸ் அளக்கும் மீட்டர் என்றால் முகப்பில் `True RMS` என்று அச்சிட்டிருக்கும். வகுப்பில் ஒன்று இருந்தால் அதை வைத்துப் பாருங்கள், 163 க்குக் கிட்ட வரும்.

ஆனால் உங்கள் மீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். அது சராசரி மீட்டர் என்று தெரிந்துவிட்டதால் சூத்திரத்தைத் திருப்பிக் கோணத்தைக் கண்டுபிடிக்கலாம். எனக்கு இது மிகவும் பிடித்த வழி, ஏனென்றால் ஒசிலோஸ்கோப்பின் பூமிக் கவ்வியை மெயின்ஸில் மாட்டும் ஆபத்து இதில் இல்லை.

```
cos α = 2 × மீட்டர்/V − 1
```

முதலில் டிம்மருக்கு முன்னால் சப்ளையை அதே மீட்டரால் அளந்து அதை V ஆக வையுங்கள். சப்ளை எப்போதும் சரியாக 230 ஆக இருக்காது. பிறகு பல்பில் அளவுங்கள். உதாரணமாக சப்ளை 230, பல்பில் 110 என்றால் cos α = −0.0435, கோணம் 92.5 பாகை. நீங்கள் 5 மில்லிசெக்கன் கொடுத்திருந்தும் உண்மையில் 5.14 இல் சுடுகிறது என்று அர்த்தம். அலை பூச்சியத்தைக் கடப்பதைச் சுற்று சற்றுத் தாமதமாகக் கண்டுபிடிக்கிறதா என்று தேட வேண்டியதுதான். கோணம் கிடைத்ததும் முதல் சூத்திரத்தில் போட்டால் உண்மையான ஆர்எம்எஸ் வந்துவிடும். குமிழ் திருகும் சாதாரண சுவர் டிம்மருக்கும் இந்த வழி உதவும். அங்கே திருகு நடுவில் நின்றால் 90 பாகை என்று எடுக்க முடியாது, கோணம் திருகோடு நேர்விகிதத்தில் நகர்வதில்லை.

வலுவைக் கணிக்கும்போது ஒரு கவனம். 120 பாகையில் வலு 100 வாட்டில் 0.1955 பங்கு, அதாவது 19.55 வாட் என்று பயிற்சித்தாளில் எழுதலாம், அங்கே தடை மாறாது என்று எடுப்பார்கள். உண்மையான இழை குளிர்ந்தால் தடை குறையும், ஆகவே குண்டு பல்ப் அதைவிடக் கூடுதலாகவே இழுக்கும். வெளிச்சம் எதிர்ப்பக்கம் போகும், வலு குறைவதைவிட மிக வேகமாக மங்கிச் சிவக்கும். வோல்ட் கணக்கை இது தொடாது. 101.7 அப்படியே நிற்கும்.

இந்தச் சூத்திரம் நிற்பது, ட்ரையாக் சுட்ட கணத்தில் இருந்து அலை பூச்சியத்துக்கு வரும்வரை கடத்துகிறது என்ற நிபந்தனையில். மின்விசிறி மோட்டரைப் போட்டால் ஓட்டம் பின்தங்கி வருவதால், வோல்ட் பூச்சியத்தைத் தாண்டிய பிறகும் ட்ரையாக் மூடாது. எல்ஈடி பல்ப் என்றால் ஓட்டம் மிகச் சிறிது, அலை முடியுமுன்னே ட்ரையாக் விட்டுவிடலாம், மினுங்கும். இரண்டிலும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். பயிற்சிக்குக் குண்டு பல்பையே வைத்திருங்கள்.