கையில் வந்தது 2,80,920. தவணை 3 லட்சத்துக்கு

கேள்வி: ஒரு தனியார் வங்கியில் 3 லட்சம் ரூபாய் தனிநபர் கடன் வாங்கினேன். 36 மாதம், மாதத் தவணை 10,253. வட்டி 14 சதவீதம் என்று முகவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். ஆனால் கடனின் வட்டி, கட்டணங்களைப் பட்டியலிட்டு வங்கி தரும் முக்கிய விவர அறிக்கையில், ஆண்டுச் சதவீத விகிதமான ஏ.பி.ஆர். 15.69 என்று இருக்கிறது. அதைப் படிக்க மூன்று நாள் அவகாசம்கூடத் தராமல் அன்றைக்கே கையெழுத்து வாங்கினார்கள். செயலாக்கக் கட்டணம் ஜி.எஸ்.டி.யோடு 7,080 என்று அறிக்கையில் பார்த்தேன். கணக்கில் விழுந்ததோ 2,80,920தான். கேட்டால், காப்பீட்டுப் பிரீமியம் 12,000 என்கிறார்கள். மேலாளர் பத்துப் பேர் முன்னால் என்னைப் படிக்காதவன்போல் பேசினார். இரண்டு தவணை கட்டிவிட்டேன். இனி நிறுத்திவிட்டு வழக்குப் போடலாமா?

பதில்: முகவரின் வாய்ச்சொல்லையும் மேலாளரின் வாய்த்துடுக்கையும் ஒதுக்கி வையுங்கள். இரண்டுக்கும் காகிதம் இல்லை. உங்கள் வழக்கு ஒரே இடத்தில் நிற்கிறது. அந்த 12,000 ரூபாய் முக்கிய விவர அறிக்கையில் இருக்கிறதா, இல்லையா?

15.69 என்பது 14-ஐவிட அதிகமாக இருப்பதில் மோசடி இல்லை. 14 என்பது வட்டி. 7,080ஐ முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 2,92,920ஐத்தான் தருகிறார்கள். தவணையை மட்டும் முழு 3 லட்சத்துக்கும் வாங்குகிறார்கள். அந்த இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் வருவது ஏ.பி.ஆர். எக்செலில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்:

```
=RATE(36,-10253,292920)*12
=RATE(36,-10253,280920)*12
```

முதல் வரிக்கு ஏறக்குறைய 15.69 சதவீதம் வரும். இரண்டாவது வரி, உங்கள் கையில் உண்மையில் வந்த தொகைக்கானது. அதற்கு 18.69 வரும். மேலாளர் பேசிய பேச்சைவிட உங்களுக்குப் பயன்படுவது இந்த மூன்று சதவீத வித்தியாசம். பிரீமியத்தைச் சேர்க்காமல்தான் அறிக்கை தயாரானது என்பதை அவர்களுடைய எண்ணே ஒப்புக்கொள்கிறது.

ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 15 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் சில்லறைக் கடன்களுக்குப் பொருந்தும். காப்பீடு, சட்டச் செலவு போல மூன்றாம் தரப்புக்காக வங்கி வசூலிக்கும் தொகையும் ஏ.பி.ஆர். கணக்கில் வர வேண்டும் என்கிறது அது. அறிக்கையில் சொல்லாத கட்டணத்தை, உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல், கடன் முடியும்வரை எந்தக் கட்டத்திலும் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது.

மூன்று நாள் அவகாசக் குறையை மனுவில் எழுதவே எழுதாதீர்கள். குறைந்தது மூன்று வேலை நாட்கள் என்பது, நீங்கள் யோசிப்பதற்காக அந்த நிபந்தனைகளை வங்கி மாற்றாமல் வைத்திருக்க வேண்டிய காலம். அன்றைக்கே கையெழுத்திட்டால் அது நீங்கள் எடுத்த முடிவு. தோற்கும் வாதத்தை முதலில் வைத்தால் ஜெயிக்கும் வாதமும் அதோடு சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இப்போது வங்கி என்ன சொல்லும் என்று பாருங்கள். "இது கடன் கட்டணமே அல்ல. வாடிக்கையாளர் தானாகத் தனியே பாலிசி எடுத்தார், நாங்கள் அவர் சொன்னபடி பணத்தை அனுப்பினோம்" என்பார்கள். கூடவே ஒரு சம்மதப் படிவத்தை நீட்டுவார்கள். என்னிடம் வந்த பலர் அந்தப் படிவத்தை முதன்முதலில் பார்ப்பதே அப்போதுதான். கட்டுக் காகிதத்தில் இருபது கையெழுத்தோடு இருபத்தொன்றாவதாகப் போட்டிருப்பார்கள், அல்லது தொலைபேசிக்கு வந்த ஓ.டி.பி.யை முகவரிடம் வாசித்துச் சொல்லியிருப்பார்கள். நீங்களும் நாமினி பெயர் கொடுத்து, உடல்நல அறிவிப்பில் தனியே கையெழுத்திட்டிருந்தால், "எனக்குத் தெரியவே தெரியாது" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். அந்த ஒரு பொய் பிடிபட்டால் மீதி எல்லாம் போயிற்று. "தெரிந்தோ தெரியாமலோ கையெழுத்திட்டேன், ஆனால் தொகையைக் கடனிலிருந்தே பிடித்தீர்கள், அறிக்கையில் காட்டவில்லை" என்பதே பாதுகாப்பான நிலை. பிடித்தம் எங்கே நடந்தது என்பதற்குக் கடன் கணக்கு அறிக்கையின் முதல் வரிகள் சாட்சி. அதையும், சம்மதப் படிவத்தின் நகலையும், பிரீமியம் ரசீதையும் இன்றே எழுத்தில் கேளுங்கள். ரசீது தருவது அவர்களுடைய கடமை.

தவணையை நிறுத்துவது பற்றி. ஒருவர் இப்படித்தான் 9,000 ரூபாய் பிரீமியத்துக்காகக் கோபித்துக்கொண்டு மூன்று மாதம் கணக்கைக் காலியாக வைத்திருந்தார். தவணை ஒவ்வொரு முறையும் திரும்பியது. அதற்கான கட்டணம் கடன் தந்த வங்கியிலும் கணக்கிருந்த வங்கியிலும் ஏறியது, கடன் மதிப்பெண் சரிந்தது, கடைசியில் கொடுக்கல் மற்றும் தீர்வு முறைகள் சட்டம் 2007-ன் 25-வது பிரிவில் நோட்டீஸ் வந்தது. காசோலை திரும்பியது போலத்தான் இதுவும். இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. அவர் கேட்டு வந்த நியாயம் அதன்பிறகு யார் காதிலும் விழவில்லை. பேச்செல்லாம் அவருடைய பாக்கியைப் பற்றியே ஆயிற்று. உங்கள் தவணையில் இந்த 12,000-க்கான பங்கு மாதம் சுமார் 410 ரூபாய். அதற்காக 10,253-ஐ நிறுத்துவது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது.

எனவே வழக்கு வேண்டாம். சமரசம் செய்துகொள்ளுங்கள், ஆனால் எண்ணோடு பேசுங்கள். அறிக்கையின் இரண்டாம் பகுதியில் இருக்கும் குறைதீர் அலுவலரின் மின்னஞ்சலுக்கு அரைப் பக்கம் எழுதினால் போதும். 15.69-ம் 18.69-ம் அருகருகே இருக்கட்டும், மேலாளர் அதில் வேண்டாம். 30 நாளில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் cms.rbi.org.in-ல் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போங்கள். கட்டணம் கிடையாது. அங்கே என்னைப் போன்ற வழக்கறிஞர் மூலம் மனுச் செய்ய முடியாது, நீங்களே எழுதலாம். இதே விஷயத்தை முதலில் நீதிமன்றத்தில் கொண்டுபோய்ப் போட்டால் அந்தக் கதவும் மூடிவிடும்.

பெரும்பாலும் அதற்கு முன்பே தொலைபேசி வரும். பாலிசியை ரத்துச் செய்து பணம் தருகிறோம் என்பார்கள். முழு 12,000-உம், பிடித்த நாளிலிருந்து 14 சதவீத வட்டியும் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு அது 420 ரூபாய்; அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம், அசல் முழுதாக வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கேதான் இன்னும் ஒரு பள்ளம். பாலிசியை நீங்களே சரண்டர் செய்வதாக ஒரு கடிதம் தந்தால், பிரீமியத்தில் மீதிக் காலத்துக்கான பங்கு மட்டுமே திரும்பும். கடிதத்தில் "அறிக்கையில் காட்டாமல் பிடிக்கப்பட்ட தொகையைத் திருப்புதல்" என்றே இருக்க வேண்டும். பணத்தை அசலில் வரவு வைப்பதாகச் சொன்னால், குறைந்த தவணையோடு புதிய தவணை அட்டவணையைக் கையில் வாங்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். "இக்கடன் தொடர்பாக எனக்கு இனி எந்தப் புகாரும் இல்லை" என்ற வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். கடனை முன்கூட்டியே முடிக்கும் நாளில் வேறு ஒரு பிடித்தம் தலைகாட்டலாம். முன்முடிப்புக் கட்டணமும் அபராதக் கட்டணமும் ஏ.பி.ஆரில் சேராதவை. அறிக்கையில் தனி வரிசையில் எழுதியிருப்பார்கள், இன்றே படித்து வையுங்கள்.