மூன்று லூப்பில் எத்தனை அலை?

"என் மகள் பதினொன்றாம் வகுப்பு. இரண்டு முனையும் கட்டப்பட்ட 90 செ.மீ. கம்பி மூன்று லூப்களோடு அதிர்வதாகப் படம் போட்டு, அலைநீளம் கேட்டிருந்தார்கள். அவள் 60 செ.மீ. என்று எழுதினாள். கைடில் 30 என்று இருப்பதால் தவறு போட்டுவிட்டார்கள். இழுவிசை 7.2 நியூட்டன், கம்பியின் நிறை 1.8 கிராம், அதிர்வெண் என்ன என்ற அடுத்த பகுதிக்கு 100 ஹெர்ட்ஸ் எழுதியிருக்கிறாள், அதற்கு மார்க் உண்டு. டியூஷன் சாரோ 'கணு நாலு இருக்கிறது, அதனால் இது நாலாவது சீரிசை' என்கிறார். யார் சொல்வது சரி? நான் படித்தது பி.காம்., புரியும்படி சொல்லுங்கள்."

உங்கள் மகள் எழுதியது சரி. கைடு தவறு. டியூஷன் சார் சொன்னதும் தவறு, ஆனால் அது வேறு தவறு.

முதலில் படத்தைப் பார்ப்போம். அந்தப் படத்தில் ஒவ்வொரு லூப்பும் ஒரு கண் மாதிரி, மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு என்று மூடியிருக்கும். குழப்பம் முழுவதும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அலை என்றால் ஒரு மேடும் ஒரு பள்ளமும் என்று பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். இந்தக் கண்ணில் மேலே மேடு, கீழே பள்ளம் இரண்டும் இருக்கின்றன. ஆகவே ஒரு லூப் ஒரு முழு அலை என்று நினைத்துவிடுகிறார்கள். கைடு எழுதியவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

ஆனால் கம்பி ஒன்றுதான், கோடுதான் இரண்டு. மேல் வளைவு கம்பி ஒரு கணத்தில் இருந்த இடம். கீழ் வளைவு அரை அதிர்வு கழித்து அதே கம்பி போய் நிற்கும் இடம். நொடிக்கு 100 தடவை ஆடும் கம்பியைக் கண்ணால் பின்தொடர முடியாது, இரண்டு எல்லைக்கும் நடுவில் ஒரு மங்கலான பட்டையாகத்தான் தெரியும். அந்தப் பட்டையின் ஓரத்தைத்தான் படமாகப் போடுகிறார்கள். ஒழுங்கான புத்தகத்தில் ஒன்றை முழுக்கோடாகவும் மற்றதைப் புள்ளிக்கோடாகவும் போட்டிருப்பார்கள். மலிவு அச்சில் இரண்டும் ஒரே மாதிரிக் கோடாகிவிடுகின்றன.

ஆகவே மகளிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து, இடது முனையிலிருந்து ஒரே ஒரு கோட்டை மட்டும் தொடரச் சொல்லுங்கள். முதல் லூப்பில் மேலே போகும், லூப்கள் சந்திக்கும் அசையாத புள்ளியான கணுவைத் தாண்டியதும் கீழே இறங்கும், மூன்றாவதில் மறுபடி மேலே. பக்கத்துப் பக்கத்து லூப்கள் எப்போதும் எதிரெதிர்த் திசையில்தான் ஆடும். ஒரு மேடும் ஒரு பள்ளமும் சேர்ந்து முடிவது இரண்டாவது லூப்பின் கடைசியில். அதுதான் முழு அலை. ஒரு லூப் என்பது அரை அலைநீளம். கம்பி 90 செ.மீ., லூப் மூன்று, ஒரு லூப் 30 செ.மீ., அலைநீளம் 60 செ.மீ. கம்பியில் மொத்தம் இருப்பது ஒன்றரை அலை. λ = 2L/n என்ற சூத்திரம் சொல்வதும் இதுதான்; λ என்பது அலைநீளம், L என்பது கம்பியின் நீளம், n என்பது லூப்களின் எண்ணிக்கை.

ஆசிரியரிடம் பேச இதைவிட வலுவான ஆதாரம் ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. இரண்டாம் பகுதிக்கு 100 ஹெர்ட்ஸ் சரி என்று அவர்களே மார்க் போட்டிருக்கிறார்கள் அல்லவா? 1.8 கிராம் நிறை 90 செ.மீ. நீளத்தில் பரவியிருக்கிறது, அதாவது மீட்டருக்கு 2 கிராம், 0.002 கிலோகிராம். இழுவிசை 7.2-ஐ இதனால் வகுத்தால் 3600. அதன் வர்க்கமூலம் 60. கம்பியில் அலை வேகத்துக்கான சூத்திரம் இதுதான், எனவே இந்தக் கம்பியில் அலையின் வேகம் நொடிக்கு 60 மீட்டர். வேகம் என்பது அதிர்வெண்ணையும் அலைநீளத்தையும் பெருக்கி வருவது. 100-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 60, பொருந்துகிறது. கைடு சொல்லும் 0.3-ஆல் பெருக்கினால் 30தான் வரும். ஒரே கம்பிக்கு ஒரே இழுவிசையில் இரண்டு வேகம் இருக்க முடியாது. கைடின் முதல் விடையும் இரண்டாம் விடையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. இரண்டையும் அச்சடித்தவர் ஒரு தடவை பெருக்கிப் பார்த்திருந்தால் போதும். பார்க்க மாட்டார்கள். போன வருடப் பதிப்பின் அட்டையை மாற்றி இந்த வருடம் விற்பதுதான் பல கைடுகளின் வேலை. கேள்வித்தாளையும் விடைக்குறிப்பையும் அதே கைடிலிருந்து எடுக்கும் பள்ளிகளை என்ன சொல்வது? குறிப்பில் விடை மட்டும் இருக்கும், வழி இருக்காது. நாற்பது ஐம்பது தாள் திருத்தும் ஆசிரியர் எண் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுகிறார்.

டியூஷன் சாரின் கணக்கு வேறு. சீரிசை என்பது கம்பியின் அடிப்படை அதிர்வெண்ணின் முழு மடங்கு. அது எத்தனையாவது என்பது கணுக்களைப் பார்த்து வருவதல்ல, லூப்களைப் பார்த்து வருவது. மூன்று லூப் என்றால் மூன்றாம் சீரிசை. கணுக்கள் நான்கு இருப்பது உண்மைதான், ஏனென்றால் கட்டிய இரண்டு முனைகளும் கணுக்கள். முழுக் கம்பியும் ஒரே லூப்பாக ஆடும் அடிப்படை நிலையை நினைத்துப் பாருங்கள்: கணு இரண்டு, ஆனால் அது முதல் சீரிசை. இந்தக் கம்பிக்கு அடிப்படை அதிர்வெண் 100-ல் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 33 ஹெர்ட்ஸ். அப்புறம், இதே மூன்றாம் சீரிசையை 'இரண்டாம் மேற்சுரம்' என்றும் கேட்பார்கள். மேற்சுரம் அடிப்படைக்கு மேலே இருந்து எண்ணப்படுவதால் ஒன்று குறைகிறது. 'கணு மைனஸ் ஒன்று', 'மைனஸ் இரண்டு' என்று ஷார்ட்கட் தாள் விற்கும் கோச்சிங் சென்டர்கள் இதை விளக்குவதில்லை. அந்தத் தாளை மனப்பாடம் செய்த பிள்ளை, ஒரு முனை திறந்த ஆர்கன் குழாய் கேள்வியிலும் அதையே போட்டுவிட்டு வரும்.

முனைகள் கணுக்கள் என்று சொன்னேன். அதற்கு ஒரு விலக்கு உண்டு. பள்ளித் தேர்வில் வராது என்றாலும் சொல்லிவிடுகிறேன், கல்லூரி செய்முறையில் மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். மெல்டே சோதனையில் நூலின் ஒரு முனை இசைக்கவையில் கட்டியிருக்கும், மறுமுனை கப்பியைத் தாண்டி எடைத்தட்டில் தொங்கும். கவை ஆடிக்கொண்டே இருப்பதால், அந்த முனை அசையாத கணு ஆகாது. உண்மையான கணு சற்றுத் தள்ளி இருக்கும். கப்பிப் பக்கமும் நூல் எங்கே நிலையாக நிற்கிறது என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆகவே முழு நீளத்தை லூப் எண்ணிக்கையால் வகுக்கக் கூடாது. இரண்டு ஓர லூப்களையும் விட்டுவிட்டு, நடுவில் உள்ள லூப்களின் நீளத்தை மட்டும் அளந்து வகுக்க வேண்டும். இன்னொன்று: கவையின் புயம் நூலின் நீளவாக்கில் ஆடும்படி வைத்தால், கவை இரண்டு தடவை ஆடும்போது நூல் ஒரு தடவைதான் ஆடும். நூலின் அதிர்வெண் கவையினுடையதில் பாதி. இதை மறந்தவர்களின் ரெக்கார்டு நோட்டில் கவையின் அதிர்வெண் பாதியாகத்தான் இருக்கும்.

உங்கள் விஷயத்துக்கு இது தேவையில்லை. மகளை ஒரு வெள்ளைத்தாளில் படத்தைப் போட்டு, ஒரு கோட்டை மட்டும் சிவப்பு மையில் தொடர்ந்து, கீழே 100 × 0.6 = 60 என்றும் 100 × 0.3 = 30 என்றும் இரண்டு வரி எழுதி, வகுப்பு முடிந்ததும் தனியாக ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். கைடைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். பேச்சு புத்தகத்தைப் பற்றிய சண்டையாக மாறிவிடும். 7.2-ஐ 0.002-ஆல் வகுத்ததையும் தாளிலேயே எழுதி வைக்கட்டும், அந்த 60 எங்கிருந்து வந்தது என்றுதான் அவர் முதலில் கேட்பார்.